கண் விழித்ததுமே நெஞ்சு இறுகுவது ஏன்? முதல் முக்கால் மணி நேரத்தில் உடலுக்குள் நடப்பது

அலாரம் அடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கும். கண் திறந்துவிட்டது. இன்று என்ன கிழமை, என்ன வேலை என்று எதுவும் இன்னும் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் நெஞ்சில் ஒரு பிடி. யாரோ உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவது போல இருக்கிறது. ஏதோ தப்பாக நடக்கப்போகிறது என்ற கலக்கம் வயிற்றிலிருந்து மேலே ஏறுகிறது. போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் சுருண்டு படுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. சரியாவதில்லை.

இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய தினமும் நான் இப்படித்தான் விழித்தேன். வேலையைக் கண்டு பயப்படுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் விடுமுறை நாள்களிலும் அது வந்தது. மனம் பலவீனமாகிவிட்டது என்றார் ஒருவர். உடம்பில் கார்டிசால் கூடிவிட்டது, அதைக் குறைக்கும் பானம் குடி என்றார் இன்னொருவர். நல்லதையே நினைத்துக்கொண்டு தூங்கு என்றார் மூன்றாமவர். மூவருமே அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர்கள் யாரும் சொல்லவில்லை. அது தெரிந்த பிறகுதான் என்னால் அந்தப் பிடியோடு சண்டை போடுவதை நிறுத்த முடிந்தது.

பலரும் தவறவிடுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்ற வரிசை. கவலை வந்ததால் நெஞ்சு இறுகியது என்று நாம் நினைக்கிறோம். அதிகாலையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. உடல் முதலில் விறைக்கிறது. அதற்கான காரணத்தை மனம் பிறகுதான் தேடிப் பிடிக்கிறது.

குளிர்ந்த எஞ்சினின் இரைச்சல்

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்ப வேண்டுமென்றால் சோக்கை இழுக்க வேண்டும். எஞ்சின் உடனே அளவுக்கு மீறி உறுமும். வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, இரைச்சல் மட்டும் மலை ஏறுவது போல இருக்கும். சில நிமிடங்களில் சூடு ஏறியதும் அதுவே தணிந்து சீராகிவிடும். புதிதாக ஓட்டுபவர் அந்த உறுமலைக் கேட்டு ஏதோ பழுது என்று பயப்படலாம். பழகியவர் காத்திருப்பார்.

நம் உடலும் இரவில் மெதுவாக ஓடுகிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தூக்கத்தில் இறங்கி இருக்கும். படுத்திருக்கும் உடலை எழுந்து நிற்கும் உடலாக மாற்றச் சில நிமிடங்களில் பல வேலைகள் நடந்தாக வேண்டும். துடிப்பு கூட வேண்டும், ரத்த அழுத்தம் ஏற வேண்டும், ரத்தத்தில் சர்க்கரை கிடைக்க வேண்டும். இந்த மாற்றம் எல்லோருக்கும் தினமும் நடக்கிறது. பலர் இதை உணர்வதே இல்லை. ஏற்கெனவே மனம் அலுத்துப் போயிருக்கும் காலத்தில் இதே மாற்றம் கொஞ்சம் பலமாகவும் நடக்கலாம், நமக்கு உறைக்கவும் செய்யலாம்.

கார்டிசால்: வில்லன் என்று பெயர் வாங்கிய உதவியாளர்

கார்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வெளியிடும் ஹார்மோன். மன அழுத்தத்தின்போது அது கூடுகிறது என்பது உண்மை. அதனால் 'மன அழுத்த ஹார்மோன்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதன் அன்றாட வேலை வேறு. சேமிப்பிலிருந்து சக்தியை எடுத்துக் கொடுப்பதும், நாளைத் தொடங்க உடலைத் தயார்ப்படுத்துவதும்தான் அது.

இரவின் முதல் பாதியில் கார்டிசால் மிகக் குறைவாக இருக்கும். பின்னிரவில் மெல்ல ஏறும். கண் விழித்த பிறகு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் அது இன்னொரு படி மேலே போகும். பலருக்கு விழித்த நேரத்து அளவைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடும். அதன் பிறகு நாள் முழுக்க இறங்கிக்கொண்டே போகும். விழித்ததும் வரும் இந்த ஏற்றத்துக்குக் கார்டிசால் விழிப்பு எதிர்வினை என்று பெயர். 1990-களில் உமிழ்நீரை எடுத்து அளக்கும் முறை எளிதான பிறகுதான் இது தெளிவாகப் பதிவானது.

ஆகவே காலையில் கார்டிசால் கூடுதலாக இருப்பது நோய் அல்ல. அது கூடவில்லை என்றால்தான் மருத்துவர் கவலைப்படுவார். கார்டிசால் போதாமல் போகிறதா என்று பார்க்கக் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள், ஏனென்றால் அப்போது அது ஏறியிருக்க வேண்டும். உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று சந்தேகம் வந்தால் நள்ளிரவை ஒட்டி உமிழ்நீர் எடுத்துச் சோதிப்பதும் உண்டு, ஏனென்றால் அப்போது அது இறங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு தகவல் தெரிந்தாலே காலைப் பதற்றத்தை வைத்து 'எனக்குக் கார்டிசால் அதிகம்' என்று முடிவு கட்டுவது எவ்வளவு அவசரமானது என்று புரியும். நீண்ட காலம் சோர்ந்து போனவர்கள் சிலரிடம் இந்தக் காலை ஏற்றம் குறைவாகவே இருப்பதாகவும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பவே தொட்டது. 1999-இல் ஜெர்மனியில் யான் போர்ன் என்பவரின் ஆய்வுக் குழு ஒரு சோதனை செய்தது. தூங்கப் போகிறவர்களிடம் சில இரவுகளில் 'காலை 6 மணிக்கு எழுப்புவோம்' என்றார்கள். சில இரவுகளில் '9 மணிக்கு எழுப்புவோம்' என்று சொன்னார்கள். அப்படிச் சொன்ன இரவுகள் சிலவற்றில் முன்னறிவிப்பு இல்லாமல் 6 மணிக்கே எழுப்பினார்கள். கார்டிசாலைச் சுரக்கச் சொல்லி அட்ரினலுக்குக் கட்டளை கொண்டுபோகும் ஹார்மோன் ஒன்று உண்டு. 6 மணியை எதிர்பார்த்துத் தூங்கியபோது அந்த ஹார்மோன் 6 மணிக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கிவிட்டது. 9 மணி என்று நினைத்துத் தூங்கிய இரவுகளில் அப்படி ஏறவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும்போதே உடல் நாளை எதிர்பார்த்துத் தயாராகிறது என்பதுதான் இதன் பொருள். வேலை நாள்களில் இந்த ஏற்றம் விடுமுறை நாள்களைவிட அதிகம் என்றும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. நாளைக்குக் கடினமான நாள் என்று தெரிந்தால் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வருவதில் வியப்பில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: விழிக்கும் நேரத்தில் உடல் தானாகவே வேகம் எடுக்கிறது. சுமையான நாள் காத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். இந்த வேகம் தனியாகப் பயம் ஆகிவிடாது. பயமாக மாறுவது அடுத்த கட்டத்தில்.

காவலாளி எழுந்துவிட்டார், மேலாளர் இன்னும் வரவில்லை

ஒரு பெரிய அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் காவலாளிக்கு ஒரே வேலைதான். சத்தம் கேட்டால் மணியடிக்க வேண்டும். அந்தச் சத்தம் திருடனா, காற்றில் அடித்த கதவா என்று பார்த்துச் சொல்பவர் மேலாளர். காவலாளி இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பார். மேலாளர் காலையில் தாமதமாகத்தான் வருவார்.

மூளையிலும் இப்படித்தான். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிகள் உடனே விழித்துக்கொள்கின்றன. நிதானமாக எடைபோடும் மூளையின் முன்பகுதி மெதுவாகத்தான் முழு வேகத்துக்கு வருகிறது. விழித்த பிறகும் மூளை கொஞ்ச நேரம் அரைத்தூக்கத்தில் இருப்பதை உறக்க மந்தம் என்கிறார்கள். சாதாரணமாக அது பதினைந்திலிருந்து முப்பது நிமிடம் நீடிக்கும். தூக்கம் பற்றாமல் போனால் இன்னும் நீளும்.

இதனோடு கனவும் சேர்ந்துகொள்கிறது. கனவுகள் அதிகம் வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீண்டு அமைகிறது. அந்த நேரத்தில் மூச்சும் துடிப்பும் சீராக இருக்காது. அதிலிருந்து நேராக விழித்தால் கனவின் கதை மறந்துபோகும், அதன் கலக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிடும். காரணமே இல்லாத பயம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். துடிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. காவலாளி மணியடித்துவிட்டார். மேலாளர் வரவில்லை. காரணம் இல்லாத பயத்தை மனத்தால் வெறுமனே வைத்துக்கொண்டிருக்க முடியாது, அது ஒரு காரணத்தைத் தேடும். கையில் அகப்படுவது எதுவோ அதுவே காரணம் ஆகிவிடும்: பதில் எழுதாத மின்னஞ்சல், கட்ட வேண்டிய தவணை, நேற்று யாரோ முகம் கொடுத்துப் பேசாதது. அந்தக் கவலைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை உண்மைதான். ஆனால் காலை ஐந்தரைக்கு அவை பூதமாகத் தெரிந்து பத்து மணிக்கு வேலையாகத் தெரிவதற்குக் காரணம் அவை மாறியதல்ல, பார்க்கிறவர் மாறியது. அதனால்தான் முதல் அரை மணி நேரத்தில் வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற தீர்ப்புகளை எழுத அந்த நேரத்தில் நீதிபதி ஆசனத்தில் இல்லை.

நெஞ்சு எப்படி இறுகுகிறது?

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நெஞ்சைப் பிடிப்பது போன்ற அந்த உணர்வுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்துகிறது.

நிம்மதியாக இருக்கும்போது நாம் உதரவிதானத்தால் மூச்சு விடுகிறோம். உதரவிதானம் என்பது நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல விரிந்திருக்கும் தசை. அது இறங்கும்போது வயிறு மெல்ல முன்னே வரும், காற்று உள்ளே போகும். பதற்றம் வந்தால் மூச்சு மேலேறிவிடுகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகளும் கழுத்து, தோள் தசைகளும் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. ஒருபக்கமாகச் சுருண்டு, தோளைக் குறுக்கி, தாடையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் இது இன்னும் மோசம். சிறிய தசைகள் ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வலிக்கும், இறுகும். அந்த இறுக்கத்தைத்தான் நாம் 'நெஞ்சு பிடிக்கிறது' என்கிறோம்.

அடுத்து நடப்பது இன்னும் நுட்பமானது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். உடலுக்குத் தேவையான அளவைவிட அதிகமாக மூச்சு விடுவதை மிகைமூச்சு என்பார்கள். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்குகிறது. அது வெறும் கழிவு அல்ல, ரத்தத்தின் அமிலச் சமநிலையைக் காக்க அது ஓரளவு இருந்தாக வேண்டும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை லேசாகக் கிறுகிறுக்கும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்தது போல இருக்கும். நெஞ்சு மேலும் இறுகும். உள்ளே காற்று போதிய அளவு இருக்கும்போதே மூச்சு முட்டுவதாகத் தோன்றும்.

இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஓர் அறிவுரை ஆளைக் கவிழ்க்கிறது: 'நல்லா ஆழமா மூச்சை இழு.' ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றச் சொல்வது போன்றது அது. மூச்சை முழுதாக வெளியே விடாமல் இழுத்து இழுத்து நெஞ்சு உப்பிக் கிடக்கிறது. அதனால்தான் இன்னும் இழுக்க முடியவில்லை. 'எனக்கு மூச்சே உள்ளே போக மாட்டேங்குது' என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் வெளியே போகாததுதான் சிக்கல். குடத்தைக் காலி செய்தால் தண்ணீர் தானாக இறங்கும்.

மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், உள்ளே இழுக்கும்போது சற்றுக் கூடும். இது இயல்பான உடல் அமைப்பு. வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருந்தால், துடிப்பு குறையும் நேரமும் நீளும். பழக்கத்தில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஆக, பதற்றம் தோளையும் மூச்சையும் மேலே இழுக்கிறது. மேல்மூச்சு நெஞ்சை இறுக்குகிறது. இறுகிய நெஞ்சைப் பார்த்து மனம் இன்னும் பயப்படுகிறது. இது ஒரு வட்டம். இதை அறுக்க எளிதான இடம் வெளிமூச்சு.

முதலில் விலக்கிக்கொள்ள வேண்டியவை

மேலே போவதற்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சு இறுக்கம் எல்லாமே பதற்றம் அல்ல. மாரடைப்பும் காலை நேரத்தில்தான் அதிகம் வருகிறது. அழுத்தம் கை, தாடை, முதுகு பக்கம் பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, குமட்டினாலோ, நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைந்தாலோ மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். இதுவரை வராத இறுக்கம் புதிதாக வந்திருந்தால், அதிலும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருந்தால், ஒருமுறை இதயத்தைச் சோதித்துக்கொண்ட பிறகுதான் 'இது பதற்றம்' என்ற பெயரைக் கொடுக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். சோதனை முடிவு கையில் வந்த பிறகு பாதிப் பயம் அடங்கியது.

வேறு சிலவும் இதே முகமூடியில் வரும். குறட்டையும், மூச்சுத் திணறி விழிப்பதும், காலைத் தலைவலியும், பகல் முழுக்கத் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறாக இருக்கலாம். எரிச்சலும் புளிப்பும் இருந்தால் இரைப்பை அமிலம் மேலேறுவதாக இருக்கலாம். இருமலும் விசிலடிப்பது போன்ற மூச்சும் இருந்தால் ஆஸ்துமா. கை நடுக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, வெப்பம் தாங்காமை இருந்தால் தைராய்டு.

மனச்சோர்வு நோயையும் இங்கே மறக்கக் கூடாது. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வருவதும், காலையில் மிகக் கனமாக இருந்து மாலைக்குள் சற்று லேசாவதும், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு முறையான சிகிச்சை தேவை, பலனும் கிடைக்கும். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, காத்திருக்காமல், நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஒரு காலை, நிமிடம் நிமிடமாக

என் பழைய காலை ஒன்றைச் சொல்கிறேன். அன்று மாதக் கணக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய நாள். அலாரம் 6 மணிக்கு.

5:20-க்கு விழிப்பு. உடனே கைப்பேசியில் மணி பார்த்தேன். 'ஐயோ, இன்னும் நாற்பது நிமிடம்தான் தூங்க முடியும்' என்ற முதல் அடி. 5:22-க்கு நெஞ்சைக் கவனித்தேன், இறுக்கம் இருந்தது. 5:25-க்கு அது இன்னும் இருக்கிறதா என்று மறுபடி கவனித்தேன். 5:30-க்கு அலுவலக மின்னஞ்சலைத் திறந்தேன். அறிக்கையில் ஒரு திருத்தம் கேட்டு வந்திருந்தது. அதன் பிறகு படுத்தபடியே அந்தத் திருத்தத்தை எப்படிச் செய்வது, செய்யாவிட்டால் என்ன ஆகும், என் வேலை என்ன ஆகும் என்று யோசித்தேன். 6 மணிக்கு அலாரம் அடித்ததும் தள்ளிப்போட்டேன். 6:10-க்கு மறுபடி. 6:20-க்கு மறுபடி. 6:30-க்கு எழுந்தபோது விரல் நுனி மரத்திருந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றில் கெட்டியாக ஒரு காபி. பத்தே நிமிடத்தில் குளியலறையில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இதில் உடல் தானாகச் செய்தது 5:20-இல் வந்த வேகம் மட்டும்தான். மற்றவற்றை நான் தெரியாமல் சேர்த்தேன். மணி பார்த்தது ஒரு கணக்கைத் தொடங்கியது. நெஞ்சைத் திரும்பத் திரும்பச் சோதித்தது காவலாளியிடம் 'மணியை நிறுத்தாதே' என்று சொன்னது போல. மின்னஞ்சல், மேலாளர் வருவதற்கு முன்பே வழக்கைத் திறந்தது. தள்ளிப்போட்ட அலாரம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திடுக்கிட வைத்தது. காபி, ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்த எஞ்சினில் இன்னும் கொஞ்சம் முறுக்கியது.

அதே காலை, வேறு மாதிரி

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். விழிப்பு வந்ததும் மணி பார்ப்பதில்லை. கைப்பேசி கைக்கு எட்டாத தூரத்தில், திரை கீழே பார்த்தபடி இருக்கும். நெஞ்சில் பிடி தெரிந்ததும் எனக்குள் ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்வேன்: 'எஞ்சின் கிளம்புது.' உங்களுக்குப் பிடித்த வேறு சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உடலில் நடப்பதைச் சொல்லும் பெயராக இருக்க வேண்டும், ஆறுதல் வாக்கியமாக இருக்கக் கூடாது. 'எல்லாம் நல்லதே நடக்கும்' என்று சொன்னால் மனம் உடனே வாதாடத் தொடங்கும். 'எஞ்சின் கிளம்புது' என்பதோடு வாதாட எதுவும் இல்லை.

பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, ஒரு கையை வயிற்றில் வைப்பேன். முதல் செயல் மூச்சை இழுப்பது அல்ல, விடுவது. உதட்டைச் சற்றுக் குவித்து, சூடான பாலை ஆற்றுவது போல, மெதுவாக, கடைசிவரை வெளியே விடுவேன். அதன் பிறகு வரும் உள்மூச்சை அதன் போக்கிலேயே மூக்கு வழியாக வரவிடுவேன். மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சுதான் வரும். தலை சுற்றினால் நான் பெரிதாக இழுக்கிறேன் என்று பொருள், அளவைச் சிறிதாக்குவேன். நான்கு–ஆறு நீளமாகத் தோன்றினால் மூன்று–நான்கு போதும். வெளிமூச்சு நீளமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் 'போய்விட்டதா, போய்விட்டதா' என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தால் மூச்சும் இன்னொரு சோதனை ஆகிவிடும். இறுக்கம் இருக்கட்டும். அது இருக்கும்போதே முப்பது மூச்சு எண்ணி முடிப்பதுதான் வேலை. பல நாள் முப்பதாவது மூச்சிலும் அது இருக்கும், கொஞ்சம் தளர்ந்து.

எண்ணி முடித்ததும் அலாரம் அடித்ததா இல்லையா என்று பார்க்காமல் எழுந்துவிடுவேன். படுத்தபடியே கவலைப்படுவதைப் பல நாள் தொடர்ந்தால் படுக்கையே கவலையின் இடமாக மூளையில் பதிந்துவிடும். தூக்கமின்மைக்குச் சிகிச்சை தருபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எழுந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஒரு நிமிடம் கழித்து நிற்பேன். ஜன்னல் திரையை விலக்குவேன், முடிந்தால் வெளியே போய்ப் பத்து நிமிடம் நிற்பேன் அல்லது நடப்பேன். கண்ணுக்குள் விழும் காலை வெளிச்சம் உடல் கடிகாரத்துக்கு நேரம் சொல்கிறது, உறக்க மந்தம் கலையவும் உதவுகிறது. நடப்பது இன்னொரு விதத்திலும் நல்லது: உடல் எடுத்த வேகத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

காபியை நான் விடவில்லை. எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு குடிக்கிறேன். உங்களுக்கு இரண்டு வாரத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் பழைய நேரத்துக்கே திரும்பிக்கொள்ளுங்கள். கைப்பேசியும் அப்படித்தான், குறைந்தது முதல் அரை மணி நேரம் அதற்கு விடுமுறை.

சுருக்கமாக: பெயர் சொல், மூச்சை விடு, எழு, வெளிச்சத்துக்குப் போ. செய்தியும் முடிவுகளும் மேலாளர் வந்த பிறகு.

காலை தொடங்குவது முந்தைய இரவில்

1999 சோதனை நினைவிருக்கிறதா? தூக்கத்துக்குள்ளேயே உடல் நாளைக்குத் தயாராகிறது. அதனால் முந்தைய இரவில் ஒரு காகிதத்தில் ஐந்து நிமிடம் எழுதுகிறேன். கவலையை எழுதி விட்டுவிட்டால் போதாது. அதன் பக்கத்தில் முதல் அடியை எழுத வேண்டும். 'அறிக்கை' என்று எழுதினால் அது மிரட்டல். 'காலை 10 மணிக்கு மூன்றாம் பக்க அட்டவணையைத் திறந்து கூட்டுத்தொகையைச் சரிபார்க்கணும்' என்று எழுதினால் அது வேலை. 2018-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சிறிய ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அதிகாலையில் அறிக்கை நினைவுக்கு வந்தால், 'அதற்குப் பத்து மணி என்று எழுதியாகிவிட்டது' என்று எனக்கு நானே சொல்ல முடிகிறது.

எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்திருப்பதும் உதவுகிறது, விடுமுறை நாளிலும். மது அருந்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: அது முன்னிரவில் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துத் துடிப்பைக் கூட்டும். மறுநாள் காலைக் கலக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

நோட்டில் இரண்டு எண்கள்

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? 'இன்று வந்ததா, வரவில்லையா' என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் எஞ்சின் தினமும் கிளம்பத்தான் செய்யும். நான் ஒரு நோட்டில் தினமும் இரண்டு எண் எழுதினேன். எழுந்து நடமாடத் தொடங்கியதும் இறுக்கம் பத்துக்கு எத்தனை என்று ஒன்று. முக்கால் மணி நேரம் கழித்து எத்தனை என்று இன்னொன்று. நடுவில் பார்ப்பதில்லை.

முதல் வாரத்தில் எண்கள் 8, 7 என்றும் 7, 7 என்றும் இருந்தன. மூன்றாம் வாரத்தில் முதல் எண் பெரிதாக மாறவில்லை, 7-தான். ஆனால் இரண்டாவது எண் 4 ஆகியிருந்தது. ஆறு வாரம் கழித்து 5, 2. இடையில் ஒரு நாள் 9, 8 என்றும் இருக்கிறது. அதற்கு முந்தைய இரவு மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். இப்படி இரண்டு வாரம் எழுதியும் இரண்டாவது எண் அசையவே இல்லை என்றாலோ, பகல் முழுக்க இறுக்கம் தொடர்ந்தாலோ, அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போகலாம். என்ன நேரத்தில், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கான பதில் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும்.